ஆய்வேட்டுத் தலைப்பைச் சுருக்கி நெறியாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது

போன மாதம் தேக்காவில் தே குடித்துக்கொண்டிருந்தபோது, சமயவியல் படிக்கும் தம்பி ஒருவன் கைப்பேசியை நீட்டினான். "அண்ணே, தலைப்பைச் சுருக்கிட்டேன், மெயில் அனுப்பலாமா?" படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் எழுதிய அதே மெயில். எழுத்துப்பிழை, விளிக்கும் முறை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அந்த மெயிலில் வரும் மற்றத் தவறுகள்தான் கீழே.

இடத்தைச் சுருக்கிவிட்டு, கேள்வியை அப்படியே விடுவது

என் முதல் தலைப்பு 'சிங்கப்பூர்த் தமிழரின் இந்து வழிபாடு'. ரொம்ப அகலம் என்றார் நெறியாளர். சரி என்று தைப்பூசத்துக்கு வந்தேன். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை போகும் ஊர்வலம் மட்டும், அதில் 'பக்தியும் அடையாளமும் எப்படி வெளிப்படுகின்றன' என்று எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எதைக் கண்டால் உன் எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்வாய்?"

எனக்குக் கோபம். '2016க்குப் பிறகு' என்று ஆண்டைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். மறுபடி அதே கேள்வி. இப்படியே ஐந்து வாரம் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான், அவர்மேல் இல்லை, என்மேல்.

ஊர்வலம் சில கிலோமீட்டர்தான். ஆனால் 'பக்தி வெளிப்படுவது' என்றால் பால்குடமும் வரும், நேர்த்திக்கடனும் வரும், தண்ணீர்ப் பந்தலும் வரும். எதைப் பார்த்தாலும் 'ஆம், வெளிப்படுகிறது' என்று சொல்லிவிடலாம். தவறாகவே முடியாத கேள்வி அது.

நான் கடைசியில் கண்டுபிடித்த சோதனை எளியது. உங்கள் வாக்கியத்தில் தைப்பூசத்தை எடுத்துவிட்டுத் தீமிதியைப் போடுங்கள். அந்த ஊர்வலமும் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போவதுதான். வாக்கியம் அசையாமல் நின்றால் நீங்கள் எதையும் சுருக்கவில்லை.

சுருங்க வேண்டுமென்றால், கலந்துகொள்பவர்களே தங்களுக்குள் வாதாடும் ஒன்றைப் பிடிக்க வேண்டும். தைப்பூசத்தில் அது இசை. ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973இல் தடை வந்தது. 2016இல் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. உருமி கேட்டால்தான் அருள் வரும், வலி தெரியாது என்பார் ஒருவர். முருகனை நினைத்தால் போதும், மேளம் கொண்டாட்டத்துக்குத்தான் என்பார் இன்னொருவர். இதிலிருந்து பிறந்த மெயில் ஆங்கிலத்தில் போனது. அதன் சாரம் இது:

"அலகுக் காவடி எடுப்பவர்கள், இசை உள்ள இடத்தையும் இல்லாத தூரத்தையும் வேறுவேறு பக்தி நிலையாகப் பேசுகிறார்களா என்று கேட்க விரும்புகிறேன். வேறுபாடே இல்லை என்று பெரும்பாலோர் சொன்னால் என் ஊகம் விழும். காவடி எடுப்பவர் எட்டுப் பேர், வாசிப்பவர் நான்கு பேரிடம் நேர்காணல், ஒரு நாள் நேரடிக் கவனிப்பு. பால்குடமும், தடை வந்த வரலாறும் இதில் இல்லை. இந்த எல்லையோடு நெறிமுறை விண்ணப்பத்தை எழுதத் தொடங்கலாமா?"

அன்று மாலையே 'தொடங்கு' என்று பதில் வந்தது. இதைத் தீமிதிக்கு அப்படியே மாற்ற முடியாது, பாருங்கள். அலகும் காவடியும் அந்த இசை இடங்களும் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டன.

எதை விடுகிறோம் என்று சொல்லாதது

மேலே 'இதில் இல்லை' என்ற வரிக்குத்தான் நான் மிகவும் தயங்கினேன். கழிப்பதை எழுதினால் சோம்பேறி என்று நினைப்பாரோ என்ற பயம். எழுதாவிட்டால் தடையின் வரலாறு ஒரு அத்தியாயமாக வரும் என்று அவர் எதிர்பார்ப்பார். பாதி வரைவைப் படித்த பிறகு "அது எங்கே?" என்பார். காரணத்தையும் அரை வரி சேர்த்தால் நல்லது. பால்குடத்தை நான் விட்டதற்குக் காரணம், அருள், வலி பற்றிய வாதம் அலகு குத்துபவர்களிடம்தான் கூர்மையாக இருந்தது.

தை மாதத்தை மறப்பது

தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரே நாள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வருமுன் எடுத்த நேர்காணலைப் பின்னால் ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள். அக்டோபரில் மெயில் போட்டு, திருத்தம் கேட்டு, விண்ணப்பம் திரும்பி வந்து, ஊர்வலத்தன்று வெறுங்கையோடு வேடிக்கை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒப்புதல் பிந்திவிட்டால் நினைவிலிருந்து பேசச் சொல்லலாம்தான். ஆனால் அப்போது கேள்வியே மாறுகிறது: நடக்கும்போது என்ன உணர்ந்தார் என்பது போய், அதை எப்படி நினைவுகூர்கிறார் என்றாகிவிடும். அந்த மாற்று வழியையும் மெயிலில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

"உங்கள் கருத்து என்ன?" என்று முடிப்பது

ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேளுங்கள்.

பன்னிரண்டு பக்க இணைப்பு

திறக்கமாட்டார்.