பஜ்ஜி கடை ஃபிரையர் எண்ணெய்: அளப்பது, வடிகட்டுவது, மாற்றுவது

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் பலகாரக் கடையில் 8 லிட்டர் கொள்ளும் மின்சார ஃபிரையர் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அதில் மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, மெதுவடை என்று மாறிமாறி வேகும். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எண்ணெயை எப்போ மாத்தணும்?" என்பதுதான். அதற்கான பதிலை, நாங்கள் செய்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். வீட்டு வாணலிக்கு இல்லை, சின்னக் கடைக்கு.

எதை அளக்கிறோம்

சூடான எண்ணெயை மூன்று விஷயங்கள் கெடுக்கின்றன. மாவிலிருந்து வரும் நீராவி எண்ணெயை உடைக்கிறது. மேலே படும் காற்று அதைக் காறச் செய்கிறது. தொடர்ந்து படும் சூடு, உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாக்குகிறது. இப்படி உருமாறிய பொருள்களை மொத்தமாகச் சேர்த்து 'போலார் சேர்மங்கள்' என்கிறார்கள். எண்ணெயில் அவை 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதில் பொரிக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி. 2018 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது, கடை பெரிதா சிறிதா என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது.

நிறத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. மிளகாய்ப் பொடி போட்ட கோபி ஒரு தட்டு பொரித்தாலே எண்ணெய் சிவந்துவிடும், ஆனால் உள்ளே பாதிகூடக் கெட்டிருக்காது. மாவு இல்லாத சிப்ஸ் மட்டும் பொரித்த எண்ணெய் பார்வைக்குத் தெளிவாக இருந்தபடியே எல்லையை நெருங்கும். அதனால்தான் மீட்டர். பேனாவைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, நுனியில் சென்சார் இருக்கும். எண்ணெயில் முக்கினால் திரையில் சதவீதம் தெரியும்.

தொடங்கும் முன்: இரண்டு சோதனை

முதலில் தெர்மாமீட்டர். ஃபிரையர் திருகில் 175 என்று வைத்தால் உள்ளே 175 தான் இருக்கிறது என்று நம்பக் கூடாது. தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, அதைக் கொதிக்கும் தண்ணீரில் சோதித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு விஷயம்: பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 97 காட்டினால் கருவி சரியாகத்தான் இருக்கிறது. 100 வரவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பஜ்ஜிக்கும் வடைக்கும் 170 முதல் 180 டிகிரி போதும். 190-ஐத் தாண்ட விட்டால் எண்ணெய் வேகமாகக் கெடும்.

இரண்டாவது, புது எண்ணெயின் எண். பாக்கெட் பிரித்து ஊற்றிச் சூடானதும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். புது எண்ணெய் பூஜ்யம் காட்டாது. எங்களுக்கு 5 வந்தது. பாமாயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட வரலாம். இந்தத் தொடக்க எண் தெரியாமல் பின்னால் வரும் எந்த எண்ணையும் புரிந்துகொள்ள முடியாது.

பொரிக்கும் நேரத்தில்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சல்லடைக் கரண்டியால் உதிர்ந்த மாவுத் தூளை எடுத்துவிட வேண்டும். கடலை மாவுத் தூள் அடியில் போய்க் கருகினால் அந்தக் கசப்பு அடுத்த பஜ்ஜியில் ஏறும். உப்பை எண்ணெய்க்கு மேலே நின்று தூவாதீர்கள், தட்டில் தூவுங்கள். மாவில் ஆப்ப சோடா அளவோடு இருக்கட்டும். சோடா எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி நுரையைக் கூட்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் சூட்டை 120-க்கு இறக்கி மூடி வையுங்கள்.

அளப்பது

அளக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும். நாங்கள் ராத்திரி கடைசி ஈடு எடுத்த பிறகு, வடிகட்டும் முன் அளக்கிறோம்.

கடைசி ஈடு எடுத்ததும் குமிழி அடங்க ஐந்து நிமிடம் விட வேண்டும். எண்ணெய் 150 முதல் 180 டிகிரிக்குள் சூடாக இருக்கும்போதே, ஹீட்டரை அணைத்துவிட்டு, மீட்டரைக் குறுக்குக்கோடு வரை முக்கி மெதுவாக ஆட்டுங்கள். நுனி ஃபிரையரின் சுவரையோ ஹீட்டர் கம்பியையோ தொடக் கூடாது, ஒரு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். எண் ஓடுவது நின்று நிலைத்ததும் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெயில் ஈரம் மிச்சம் இருந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். சந்தேகமாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். எண் இறங்கினால் முதலில் வந்தது ஈரத்தால் வந்தது, இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சென்சாரை மெல்லிய டிஷ்யூவால் ஒற்றித் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். நுனி சுடும், கவனம்.

வடிகட்டுவது

தினமும், ராத்திரியே. கருகிய தூள் எண்ணெயிலேயே ஊறிக் கிடந்து மறுநாள் மறுபடி சூடானால் கெடுதல் வேகமாகும்.

பாத்திரம் கழுவி, கணக்குப் பார்ப்பதற்குள் எண்ணெய் 60 டிகிரிக்கு வந்துவிடும். வராவிட்டால் காத்திருங்கள், சூட்டோடு தூக்கி ஊற்றுவது ஆபத்து. வாய் அகன்ற எவர்சில்வர் தூக்கில் வலை வடிகட்டியை வைத்து, அதன் மேல் மல் துணி இரண்டு மடிப்பு விரித்து ஊற்றுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம், இரும்பு டின்னும் வேண்டாம். அந்த உலோகங்கள் எண்ணெய் காறுவதைத் துரிதப்படுத்தும். அடியில் மண்டியாகத் தங்கும் கடைசிக் கால் லிட்டரைத் திரும்பச் சேர்க்காமல் கழிவு டின்னில் விடுங்கள்.

எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் குவிக்கக் கூடாது. எண்ணெய் காற்றோடு சேரும்போது உண்டாகும் சூடு குவியலுக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கலாம். வெந்நீரில் சோப்பு போட்டு அலசி, விரித்துக் காயப் போடுங்கள். ஃபிரையரைக் கழுவினால் சோப்பு போக அலசி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

டிசம்பர், ஜனவரி குளிரில் காலையில் பாமாயில் கலங்கி உறைந்த மாதிரி இருக்கும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, லேசாகச் சூடேற்றினால் தெளிந்துவிடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிகட்டினால் மீட்டர் எண் இறங்காது. துணியில் தங்குவது தூள்தான். போலார் சேர்மங்கள் எண்ணெயில் கரைந்தே இருக்கின்றன. பளிச்சென்று வடிந்ததைப் பார்த்து எண்ணெய் புதிதாகிவிட்டதாக நினைப்பதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எந்த எண்ணில் மாற்றுவது: ஒரு வாரத்துக் கணக்கு

சட்டம் 25 என்கிறது. ஆனால் 25 வரும் வரை காத்திருந்தால் கூட்டம் நிற்கும் நேரத்தில் எல்லை தாண்டிவிடும். ஒரு வாரத்து நோட்டை அப்படியே பார்ப்போம்.

திங்கள் காலை புது எண்ணெய், எண் 5. ராத்திரி 9. பலகாரம் குடித்ததும் வடிகட்டியதில் போனதுமாக ஒரு லிட்டர் குறைந்திருந்தது. செவ்வாய் காலை ஒரு லிட்டர் புது எண்ணெய் சேர்த்தோம். 7 லிட்டர் 9-லும் ஒரு லிட்டர் 5-லும் இருந்தால் கலவை எட்டரை. ராத்திரி 13. புதன் காலை சேர்த்த பிறகு 12, ராத்திரி 16. வியாழன் காலை பதினாலரை, ராத்திரி 19. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை, பஜ்ஜி தீரத் தீரப் போட்டோம். காலையில் சேர்த்த பிறகு 17 இருந்தது, ராத்திரி 22.

இப்போது முடிவு. சனிக்கிழமை காலை ஒரு லிட்டர் சேர்த்தால் எண் 20 ஆகிவிடும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் நோட்டு சொல்வது வேறு: சாதாரண நாளில் எண் 4 முதல் நாலரை ஏறுகிறது, கூட்ட நாளில் 5. சனிக்கிழமையும் கூட்டம்தான். அப்படியானால் ராத்திரி 25-ல் நிற்கும், ஒரு ஈடு கூடினால் தாண்டும். அதனால் அந்த எண்ணெயை வெள்ளி ராத்திரியே இறக்கிவிட்டோம்.

கணக்கு இவ்வளவுதான்: காலையில் எண்ணெய் சேர்த்த பிறகு இருக்கப்போகும் எண்ணோடு, உங்கள் கடையின் கூட்ட நாள் ஏற்றத்தைக் கூட்டுங்கள். 25-ஐத் தொட்டால் இன்றைக்கே மாற்றுங்கள். எங்களுக்கு அது ராத்திரி 22 என்று அமைந்தது. மீன் பொரிக்கிற கடைக்கோ, 20 லிட்டர் வாணலிக்கோ வேறு எண் வரும். மூன்று வாரம் நோட்டு எழுதினால் உங்கள் ஏற்றம் தெரிந்துவிடும்.

27 வந்த எண்ணெயில் புது எண்ணெய் ஊற்றி 24 ஆக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பழைய எண்ணெயில் இருப்பது புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். அன்று சாயங்காலமே எண் திரும்ப ஏறும், கூடவே ஒரு லிட்டர் நல்ல எண்ணெயும் போய்விடும்.

மீட்டர் என்ன சொன்னாலும் நிறுத்த வேண்டிய நேரம்

180 டிகிரிக்குள்ளேயே நீலமும் சாம்பலும் கலந்த புகை எழுந்தால், பலகாரத்தை எடுத்த பிறகும் சின்னச் சின்ன நுரை அடங்காமல் நின்றால், எண்ணெய் கரண்டியிலிருந்து தேன் மாதிரி இழுபட்டால், சிக்கு வாடை வந்தால், ஃபிரையரை அணைத்துவிடுங்கள். மீட்டர் வாங்காத கடை இந்த அடையாளங்களை மட்டுமே நம்பியிருக்கிறது. ஆனால் இவை தெரியும்போது பெரும்பாலும் எல்லை தாண்டியிருக்கும். அப்படிப்பட்ட கடை நாள் கணக்கு வைத்து முன்னதாகவே மாற்றுவது நல்லது.

இறக்கிய எண்ணெய்

சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைக்கும். தெருவில் டின்னோடு வந்து காசு கொடுத்து வாங்குகிறவரிடம் கொடுத்தால் அது வேறு ஒரு வாணலிக்குப் போகலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஆகஸ்டில் தொடங்கிய 'ரூகோ' திட்டத்தில் பயோடீசலுக்காக எண்ணெய் சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் இதற்குப் பதிவேடு வைத்தே ஆக வேண்டும். நாங்கள் அந்த அளவு இல்லை, இருந்தாலும் அதே நோட்டில் தேதி, எண்ணெயின் பெயர், இறக்கியபோது இருந்த எண், எத்தனை லிட்டர் என்று நாலு விஷயம் எழுதி ரசீதை ஒட்டிவிடுகிறோம். டின்னில் 'கழிவு எண்ணெய்' என்று பெரிதாகத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, புது எண்ணெய் வைக்கும் அலமாரிக்கு எட்டாத மூலையில் வையுங்கள். அவசரத்தில் கை மாறிப் போவது அங்கேதான்.