வெப்பமான அறைக்கு ஏற்ற கணினிக் கேபினட்டையும் விசிறிகளையும் தேர்ந்தெடுக்கும் முறை

விசிறி காற்றை நகர்த்துமே தவிரக் குளிர்விக்காது. 24 டிகிரி அறையில் 70 டிகிரியில் நிற்கும் கிராபிக்ஸ் கார்டு, அதே விசிறி வேகத்தில் 36 டிகிரி அறையில் ஏறத்தாழ 82 டிகிரியில் நிற்கும். ஆகவே அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி கூடுகிறது என்பதையே நாம் குறைக்க முடியும்.

முதலில், தேவைப்படும் காற்றைக் கணக்கிடுங்கள். கணினி செலவிடும் வாட் அளவை 1.76ஆல் பெருக்கி, உள்ளே செல்லும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் இடையே நீங்கள் அனுமதிக்கும் டிகிரி வேறுபாட்டால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று வேண்டும் என்பது கிடைக்கும். விளையாட்டின்போது 400 வாட் செலவிடும் கணினிக்கு 10 டிகிரி அனுமதித்தால் சுமார் 70 கன அடி போதும். 5 டிகிரிதான் என்றால் 140 வேண்டும்.

அடுத்தது கேபினட். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்து, ஓரத்தில் மெல்லிய இடைவெளி மட்டுமே உள்ளதை இத்தகைய அறைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். எத்தனை நல்ல விசிறியைப் பொருத்தினாலும் அது மூச்சுத் திணறும். முன்பக்கம் வலையாக இருப்பதையும், தூசு வடிகட்டியைக் கழற்றிக் கழுவ முடிவதையும் பார்த்து வாங்குங்கள்.

விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு, எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது. வலையும் வடிகட்டியும் குறுக்கே வந்தபின் அதில் பாதி கிடைக்கும் என்று எச்சரிக்கையாகக் கணக்கிடுவது என் வழக்கம். 55 கன அடி என்று குறித்த 120 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்றை முன்பக்கம் உள்ளிழுக்கப் பொருத்தினால், பாதிக் கணக்கில் 80க்குச் சற்று மேல் வரும். நம் 400 வாட் கணினிக்கு அது போதும். பின்பக்கம் வெளியேற்ற ஒன்று போதுமானது. உள்ளே வரும் காற்று மிகுந்திருந்தால், வடிகட்டியில்லாத இடுக்குகள் வழியாகத் தூசு நுழைவதும் குறையும். விசிறியின் சட்டத்தில் குறுக்குக் கைகள் உள்ள பக்கமே காற்று வெளியேறும் பக்கம் என்பதைப் பொருத்தும் முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பொருத்தியபின் அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓடவிட்டு, கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். 84 டிகிரி 77ஆக இறங்கினால், தகடோ வடிகட்டியோ காற்றைத் தடுக்கிறது. பக்கத் தகட்டையும் கழற்றிய பிறகும் மாற்றம் இல்லையென்றால், குறை கேபினட்டின் காற்றோட்டத்தில் இல்லை. கார்டின் சொந்த விசிறியையும் தூசு படிந்த வெப்பத் தகடுகளையும் பார்க்க வேண்டும், கூடுதல் விசிறி வாங்குவது வீண்செலவு.

கடைசியாக, ஒரு வெப்பமானியை அறையின் நடுவில் வைக்காமல், முன்பக்க வலைக்கு அருகில் வைத்துப் பாருங்கள். அறையைவிட அங்கே மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்தால், பின்னால் வெளியேறிய சூடான காற்று மேசையின் அடைப்புக்குள் சுழன்று மீண்டும் முன்பக்கம் நுழைகிறது; கேபினட்டை அந்த அடைப்பிலிருந்து வெளியே எடுத்து, பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, வெளியேறும் காற்று சன்னலை நோக்கியிருக்குமாறு திருப்பி வையுங்கள்.