முடங்கிய கணக்கை எழுப்ப பழைய கிளைக்கு அலைய வேண்டாம்

திருவொற்றியூரில் தொடங்கிய கணக்கு, இப்போது வீடு பெரம்பூரில் என்றால், பெரம்பூரில் உள்ள அதே வங்கியின் கிளையிலேயே எழுதிக் கொடுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நாமாகப் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்குக்கு எந்தக் கிளையிலும் கேஒய்சி புதுப்பிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணமும் கிடையாது, கேட்டால் விதியைச் சொல்லுங்கள்.

ஆதார், பான் கார்டு, போட்டோ, பழைய பாஸ்புக் போதும். ஆதாரில் பழைய விலாசமா? இப்போதைய விலாசத்தை நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி கொடுக்கலாம். அப்புறம், கையோடு நூறு ரூபாய் போட்டுவிடுங்கள். வங்கி ஏற்றும் வட்டியை நாமாகச் செய்த வரவுசெலவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்து வருடம் தாண்டியிருந்தாலும் எந்தக் கிளையிலும் கேஒய்சி புதுப்பிக்கலாம், ஆனால் பணத்துக்கு உரிமை கோரும் விண்ணப்பம் தனி. கணக்குதாரர் இறந்திருந்தால் இது செல்லாது, அதற்கும் உரிமை கோரும் விண்ணப்பம் தனி.