மெட்டு முடிந்த பிறகு ‘காப்பி’யைக் ‘குளம்பி’ ஆக்காதீர்கள்

சேலத்தில் தனிப்பாடல் ஆல்பம் போடும் தம்பி தங்கைகள் அடிக்கடி வரிகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள், அதை விடுங்கள். தமிழ்ச்சொல்லா, வந்த சொல்லா என்று தேர்வு செய்யும் இடத்தில்தான் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள்.

அர்த்தம் ஒன்றுதானே என்று சொல்லை மாற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற ஒரு பெண் பாடுவதாக ஒரு பாட்டு. மெட்டு ‘தான தான தான தானா’. பல்லவி இப்படி இருந்தது:

காப்பி பூத்த பாதை ஓரம்
காத்து நின்னேன் காலை நேரம்

ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் ராத்திரி தயாரிப்பாளர் போன் பண்ணி, “காப்பி ஆங்கிலம், குளம்பின்னு போடுங்க, தூய தமிழா இருக்கும்” என்றார். எழுதிய பையனும் சரி என்று மாற்றிவிட்டான். மறுநாள் பாடகி மைக் முன்னால் நின்று திரும்பத் திரும்பப் பாடியும் முதல் சொல் உட்காரவே இல்லை. வாடகை ஸ்டுடியோ, மணிக்கணக்கில் காசு. அன்று பதிவு நடக்காமலேயே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஏன் உட்காரவில்லை? ‘காப்பி’யில் முதலில் நெடில், அடுத்தது குறில். ‘தான’வில் அப்படியே பொருந்துகிறது, ‘கா’வை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ‘குளம்பி’யோ கு-ளம்-பி என்று மூன்று துண்டு, இரண்டு சுரத்துக்குள் மூன்றைத் திணிக்க வேண்டும். அதுவும் குறிலில் தொடங்குகிறது, ஆனால் மெட்டு முதல் எழுத்தில்தான் நிற்கச் சொல்கிறது. பாடகி வேறு வழியில்லாமல் இழுத்தபோது அது ‘கூளம்பி’ ஆனது. குப்பை கூளம் என்கிறோமே, அந்தக் கூளம்தான் ஸ்பீக்கரில் கேட்டது. இது போதாது என்று, இரண்டு அடியையும் கட்டியிருந்த கா-கா மோனையும் போய்விட்டது.

தொனியும் கெட்டது. ‘நின்னேன்’ என்று பேசுகிற பெண் வாயில் ‘குளம்பி’ வராது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பிச் செடி ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பி என்றே சொல்லி வருகிறார்கள், அவர்களுக்கு அது வெளிச்சொல்லே இல்லை.

தூய தமிழ்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருந்தது. ‘காடு பூத்த பாதை ஓரம்’ என்று போட்டிருந்தால் மெட்டும் மோனையும் அப்படியே நின்றிருக்கும். காப்பி என்ற விவரம் அந்த வரியில் போய்விடும், உண்மைதான். அதைச் சரணத்தில் மீட்கலாம்: கோடை மழை விழுந்த சில நாளில் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும் என்று சொன்னால், மலைக்காரர்களுக்கு எந்தச் செடி என்று தெரிந்துவிடும். ‘குளம்பி’யையே வைத்தாக வேண்டும் என்றால், ‘கு’வைத் தாளத்துக்கு முன்னாலேயே தொட்டுவிட்டு ‘ளம்’ தட்டில் விழுகிற மாதிரி மெட்டைத் திருத்த வேண்டும். ‘ம்’மில் குரலை நிறுத்தி முனகவும் முடியும், அதனால் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை இசையமைப்பாளரோடு உட்கார்ந்து செய்ய வேண்டும், முந்தின ராத்திரி போனில் செய்ய முடியாது.

சொல்லை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வரியை விட்டுவிட்டு மெட்டைத் ‘தான தான’ என்று தத்தகாரத்தில் பாடுங்கள், குரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு நெடில் வேண்டும், அல்லது ம், ன், ல், ள் மாதிரி இழுக்க வருகிற ஒற்று வேண்டும். க், ட், ப் வந்தால் குரல் அங்கேயே அடைத்துவிடும். ‘காப்பி’யில் ‘ப்’ இருந்தும் தப்பித்தது ஏனென்றால், இழுப்பு முழுவதையும் ‘கா’ தாங்கிக்கொள்கிறது.

நெஞ்சு, உள்ளம், இதயம், மனசு எல்லாம் ஒன்று என்று நினைப்பது

‘நெஞ்சு’ தான, ‘உள்ளம்’ தானா, ‘மனசு’ தனன, ‘இதயம்’ தனனா. நான்கும் நான்கு தாளம். ‘மனசு’ வடமொழியிலிருந்து வந்தது, ஆனாலும் நாட்டுப்பாட்டு மெட்டில் வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கும். அதே இடத்தில் ‘உள்ளம்’ சுத்தத் தமிழாக இருந்தும் மேடையில் நின்று பேசுகிற தொனியைக் கொண்டுவந்துவிடும்.

கிரந்த எழுத்தைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிப்பது

‘சாவி’ போர்ச்சுகீசியம். அதில் ஜ, ஷ ஏதாவது இருக்கிறதா?

இயைபுக்காக மட்டும் ஒரு வடசொல்லை இழுத்து வருவது

வேண்டாம்.

ஒரே ஆள் பாடும் பாட்டில் பாதியில் மொழியை மாற்றுவது

பல்லவியில் ‘பஸ்ஸு’ என்று சொன்னவள் சரணத்தில் ‘பேருந்து’ என்றால் யாரோ வேறு ஆள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். இரண்டாவது குரல் வந்து பாடுகிறது என்றால் மாறலாம், ஏன், மாறத்தான் வேண்டும். ஏற்காடு அடிவாரத்தில் கண்டக்டர் வாயில் ‘பேருந்து’ வராது, ஆனால் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் அதுதான் வரும். பாட்டுக்குள் அந்த அறிவிப்பு வருகிற இடம் இருந்தால் அங்கே ‘பேருந்து’ போடுங்கள், அந்த இடத்துக்கு அதுதான் சரியான சொல்.