வாடிக்கையாளர் கதையோடு மெசேஜ் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் விற்கும் ஒருவர் புதிய கடைக்காரருக்கு இப்படி வாட்ஸ்அப் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மதுரையில் ஒரு மெடிக்கல் ஷாப் ஸ்டாக் சிக்கலில் இருந்தது. எங்கள் சாப்ட்வேர் வாங்கினார்கள். நஷ்டம் 60 சதவீதம் குறைந்தது." பிரச்சினை, செய்தது, பலன் என மூன்றும் இருக்கின்றன. ஆனாலும் பதில் வராது.

முதல் தவறு, "ஸ்டாக் சிக்கல்" என்பது. எந்தக் கடைக்காரரும் தன் தொல்லையை அப்படிச் சொல்ல மாட்டார். எக்ஸ்பைரி ஆன மருந்தை டிஸ்ட்ரிபியூட்டர் சொன்ன கெடுவுக்குள் திருப்பினால்தான் கிரெடிட் நோட் கிடைக்கும். அலமாரியின் பின்வரிசையில் கிடந்து கெடு தாண்டிய அட்டைகளுக்கான பணம் கடைக்காரர் கையை விட்டுப் போகும். இதை எழுதினால் படிப்பவர் தன் அலமாரியை நினைத்துப் பார்ப்பார்.

அடுத்தது, நடுப்பகுதியை "வாங்கினார்கள்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுவது. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். வாங்கியதால் எதுவும் மாறவில்லை. கடையில் வேலை செய்யும் விதம் மாறியது. சரக்கு வந்ததும் பில்லோடு பேட்ச் நம்பரையும் எக்ஸ்பைரி மாதத்தையும் பதிந்தார்கள். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, அடுத்த 90 நாளில் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியலை எடுத்தார்கள். அவற்றைத் தனி டிரேயில் வைத்து, விற்கக்கூடியதை முதலில் விற்று, மீதியை நேரத்தோடு திருப்பினார்கள். பழைய சரக்கைப் பதிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரிதான் கதையை நம்பவைக்கும்.

60 சதவீதம் என்றால் எதில் 60? "மாதம் சராசரியாக 9,000 ரூபாய் மருந்து வீணானது, ஆறு மாதத்தில் 3,600 ஆனது" என்று எழுதினால் கடைக்காரர் மனக்கணக்குப் போட்டுப் பார்ப்பார். அதே ஆறு மாதத்தில் கடை கொள்முதலையும் குறைத்திருந்தால் முழுப் பலனையும் சாப்ட்வேர் கணக்கில் எழுதாதீர்கள். விசாரித்தால் தெரிந்துவிடும், ஒரே ஊர் மருந்து வியாபாரிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

அதனால்தான் அனுமதி கேட்காமல் கடைப்பெயரையும் போடக் கூடாது. பெயரை விட்டுவிட்டு "பஸ் ஸ்டாண்ட் எதிரே உள்ள கடை" என்று எழுதினாலும் காட்டிக்கொடுத்த மாதிரிதான். அனுப்பும் முன் அந்த வரிகளைக் கடைக்காரருக்கே காட்டி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி வரியில் அரை மணி நேர டெமோ கேட்பதும் வேண்டாம், முன்பின் தெரியாதவருக்கு அது அதிகம். "போன மாதம் உங்கள் கடையில் எவ்வளவு எக்ஸ்பைரி திருப்ப முடியாமல் நின்றது சார்?" என்று கேட்டால் போதும், அதற்கு ஒரு எண்ணை மட்டும் பதிலாக அனுப்பலாம்.