பிரிட்டனில் டாக்டரிடம் வலியைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் குடும்ப டாக்டரை, அதாவது ஜி.பி.யைப் பார்க்கப் போனால் வழக்கமாகப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவர் கேட்பார்: "வாட் ஈஸ் தி பெயின் லைக்?" நம் ஆட்களில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "வெரி சிவியர் டாக்டர், தாங்க முடியல." வலி எப்படிப்பட்டது என்று அவர் கேட்கிறார், எவ்வளவு என்று நாம் சொல்கிறோம். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் அங்கேயே போய்விடுகிறது. மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

வலியின் தன்மை டாக்டருக்கு ஏன் வேண்டும்? உடம்பில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு விதமாக வலிக்கிறது. சீழ் கட்டிய இடம் நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண் என்று தெறிக்கும். நரம்பு பாதிக்கப்பட்டால் எரியும், அல்லது மின்சாரம் பாய்ந்தது போல சுரீர் என்று இழுக்கும். குடல், சிறுநீர்க்குழாய் போன்றவை சுருங்கி இறுகும்போது வலி பிசைந்து பிசைந்து வரும். இதயத்துக்கு ரத்தம் போதாதபோது பெரும்பாலும் அழுத்தமாகவோ பாரமாகவோதான் தெரியும். ஆக, தன்மையைச் சொன்னாலே எங்கே தேட வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் மெல்சாக் 1975-இல் ஒரு வலிக் கேள்வித்தாளை வெளியிட்டார். ஆங்கிலத்தில் நோயாளிகள் வலிக்குச் சொல்லும் 78 சொற்களை அவர் 20 குழுக்களாகப் பிரித்திருந்தார். த்ராபிங் என்பது நாடி போலத் துடிக்கும் வலிகளின் குழுவில் இருக்கிறது. ஸ்டிங்கிங் என்பது அரிப்பு, கூச்சம், காந்தல் ஆகியவற்றோடு ஒரே குழுவில். டல் என்பதற்குப் பக்கத்தில் ஏக்கிங், ஹெவி ஆகிய சொற்கள். வலியின் அளவைக் கேட்பதற்கு அதே தாளில் தனிக் கேள்வி உண்டு. தன்மையும் அளவும் வேறு வேறு என்று அங்கேயே பிரித்துவிட்டார்கள்.

டல் என்ற சொல்லில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். "உடம்பு டல்லா இருக்கு" என்று நாம் சொல்லும்போது சோர்வு என்று பொருள். அதனால் டல் பெயின் என்றால் லேசான வலி என்று நினைத்து, பெரிய வலிக்கு அதைச் சொல்லத் தயங்குகிறோம். டல் என்றால் கூர்மை இல்லாமல் ஓர் இடம் முழுக்கப் பரவி, உள்ளே ஆழமாகக் கிடக்கும் வலி. மாரடைப்பு வலிகூட டல்லாக இருக்கலாம். ஷார்ப் என்ற சொல்லில் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. கடுமையான வலி என்பதை ஷார்ப் பெயின் என்று சொல்லிவிடுகிறோம். டாக்டரோ ஊசியாலோ கத்தியாலோ குத்துவது போன்ற, ஒரு புள்ளியில் நிற்கும் வலி என்று எடுத்துக்கொள்வார். நெஞ்சில் பாரம் ஏறி உட்கார்ந்திருப்பவர் ஷார்ப் என்று சொன்னால், டாக்டரின் எண்ணம் இதயத்தை விட்டுத் தசைக்கோ விலா எலும்புக்கோ நகர்ந்துவிடலாம். அக்யூட், க்ரானிக் என்ற இரண்டையும் வலியின் கடுமைக்குப் பயன்படுத்த வேண்டாம். மருத்துவத்தில் அக்யூட் என்றால் புதிதாக வந்தது, க்ரானிக் என்றால் நெடுநாளாக இருப்பது.

இதற்கு நிறைய ஆங்கிலம் வேண்டியதில்லை. தமிழிலேயே வலிக்கு நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன. முதலில் அதைத் தமிழில் தீர்மானித்துக்கொண்டு போவது நல்லது. விண் விண் என்று தெறித்தால் த்ராபிங். மிளகாய் பட்டது போலக் காந்தினால் ஸ்டிங்கிங் அல்லது பர்னிங். சுருக் சுருக் என்று குத்தினால் ஸ்டாபிங். பிசைந்து, விட்டு விட்டு வந்தால் க்ராம்பிங். அதோடு "இட் கம்ஸ் இன் வேவ்ஸ்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்புக்குள் குடைச்சல், யாழ்ப்பாணத்தவர் சொல்லும் உளைவு, இவற்றுக்கு டீப் டல் ஏக் நெருக்கமாக வரும். எந்தச் சொல்லும் நினைவுக்கு வராவிட்டால் எதைப் போல இருக்கிறது என்று சொல்லுங்கள். "யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி" என்று பிரிட்டன்காரர்களும்தான் சொல்கிறார்கள்.

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது: அறிகுறியைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்வது. "கேஸ் பெயின் டாக்டர்." நம் வீடுகளில் நெஞ்சில், முதுகில், விலாவில் எங்கே பிடித்தாலும் அது வாய்வுதான். சோடாவோ ஓமத் தண்ணீரோ குடித்துப் பார்ப்போம். அங்கே போய் கேஸ் என்று சொன்னால், கேட்பவர் வயிற்று உப்புசம் என்று புரிந்துகொள்வார். நெஞ்சு என்ற சொல்லே வராமல் பேச்சு முடிந்துவிடக்கூடும். வாய்வு என்று உங்களுக்கே உறுதியாகத் தோன்றினாலும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: எந்த இடம், அழுத்தமா எரிச்சலா, கைக்கோ தாடைக்கோ கழுத்துக்கோ முதுகுக்கோ போகிறதா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா. நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வந்து விலகாமல் இருந்தால், அல்லது இவற்றில் ஏதாவது கூடச் சேர்ந்தால், ஜி.பி.க்குக் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பின்போது வலி குறைவாகவோ இல்லாமலோகூட இருக்கலாம். அவர்கள் மூச்சுத் திணறலையும் திடீர் வியர்வையையும் வலிக்குச் சமமாக நினைத்துச் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஒருவருக்குக் காலையில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கிறது. எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. மதியம் ஒருமுறை வாந்தி. மாலையில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, ஒரே இடத்தில் குத்துகிறது. இருமினால் உயிர் போகிறது. 111 என்ற எண்ணில் மருத்துவ உதவி கேட்டு அழைக்கிறார். "ஐ ஹேவ் சிவியர் ஸ்டொமக் பெயின் ஃப்ரம் மார்னிங், வாமிட்டிங் ஆல்ஸோ" என்கிறார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் நூறு காரணங்களுக்கு இது பொருந்தும்.

அதையே இப்படிச் சொல்லலாம்: "இட் ஸ்டார்ட்டட் அரவுண்ட் மை பெல்லி பட்டன், எ டல் ஏக். நவ் இட் ஹேஸ் மூவ்ட் டு தி லோயர் ரைட் சைட், அண்ட் இட் ஈஸ் ஷார்ப். இட் ஹர்ட்ஸ் வென் ஐ காஃப் ஆர் வாக்." எளிய ஆங்கிலம்தான், இலக்கணம் பிசகினாலும் கவலையில்லை. எங்கே தொடங்கியது, எங்கே போனது, தன்மை எப்படி மாறியது, எதனால் கூடுகிறது என்ற நான்கும் வந்துவிட்டன. குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ், பெரும்பாலும் இப்படித்தான் நகரும். கேட்பவருக்கு முதல் சந்தேகமே அதன் மேல்தான் போகும். வேகத்தடை மேல் கார் ஏறி இறங்கியபோது வலித்ததா என்றுகூடக் கேட்பார்கள். வயிற்றின் உள்சவ்வு அழன்றிருந்தால் சின்ன அதிர்வும் வலிக்கும், ஆள் அசையாமல் படுத்திருப்பார். சிறுநீரகக் கல் என்றால் இதற்கு நேர்மாறு. விலாப்புறத்திலிருந்து தொடை இடுக்கு நோக்கி வலி அலை அலையாக இறங்கும், ஆளால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. அதனால் அசைந்தால் கூடுகிறதா, அசையாமல் இருக்கவே முடியவில்லையா என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுவது உதவும்.

ஸ்டொமக் என்ற சொல்லோடு நிறுத்தவும் வேண்டாம். நமக்கு வயிறு என்றால் மார்புக்குக் கீழே தொடை வரை எல்லாமே. தொப்புளுக்கு மேலா கீழா, வலமா இடமா என்று சொல்லுங்கள், அல்லது கையால் காட்டுங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிறீர்களா, உள்ளங்கையை விரித்து வைக்கிறீர்களா என்பதையும் டாக்டர் கவனிப்பார்.

வந்த வேகத்தை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. தலைவலியில் இது உயிர் காக்கும் விவரம். காலையிலிருந்து மெல்ல மெல்லக் கூடிய தலைவலி வேறு. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன, இதுவரை வந்ததே இல்லாத தலைவலி வேறு. இரண்டாவது மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாலும் வரலாம். "சடன்" என்ற சொல்லைச் சொல்லி, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 999-க்கான வலி அது.

வலி அல்லாத சில அறிகுறிகளிலும் கவனம் தேவை. தலைசுற்றல் என்று நாம் மூன்றைச் சொல்கிறோம். அறையே சுழன்றால் "தி ரூம் ஈஸ் ஸ்பின்னிங்", கண் இருண்டு மயங்கி விழப் போவது போல இருந்தால் "ஐ ஃபீல் ஃபெயின்ட்", நடக்கும்போது தள்ளாடினால் "அன்ஸ்டெடி". முதலாவதில் காதைப் பார்ப்பார்கள், இரண்டாவதில் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும். அடுத்தது சிக். பிரிட்டனில் "ஐ வாஸ் சிக் ட்வைஸ்" என்றால் இரண்டு முறை வாந்தி எடுத்தேன் என்று பொருள். மூன்று நாளாக உடம்பு சரியில்லை என்பதற்கு "அன்வெல்" என்று சொல்வது நல்லது. கை மரத்துப்போவதும் கையைத் தூக்க முடியாமல் போவதும் ஒன்றல்ல. முன்னது நம்ப், பின்னது வீக். திடீரென்று ஒரு பக்கக் கை வலுவிழந்தாலும், முகம் ஒரு பக்கம் இழுத்தாலும், பேச்சு குழறினாலும் பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் 999-தான்.

அளவைக் கேட்கும் கேள்வி கடைசியில் வரும்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு? நம் பெரியவர்கள் டாக்டருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று மூன்று என்பார்கள். சிலர் பயத்தில் எல்லாவற்றுக்கும் பத்து என்பார்கள். எண்ணோடு, வலியால் நின்றுபோன ஒரு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஏழு. இரவு முழுக்கத் தூங்கவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை" என்றால் அதை யாரும் தவறாகப் படிக்க முடியாது.

அப்புறம், அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பது. பிள்ளை முன்னால் மூலத்தையோ வெள்ளைப்படுதலையோ சிறுநீர் எரிச்சலையோ அம்மா வாய் திறந்து சொல்லமாட்டார். சொன்னாலும் பிள்ளை அதைச் சுருக்கி "ஷி ஹேஸ் சம் பெயின்" என்று முடித்துவிடும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையிலும் ஜி.பி.யிடமும் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. நேரம் பதியும்போதே ரிசெப்ஷனில் "தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்" என்று கேளுங்கள். 111-இலும் கேட்கலாம். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும், இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றாலும் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.