டிசம்பர் மூடலுக்கு எவ்வளவு சரக்கு சேர்ப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல ஆலைகள் டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி மூடி, ஜனவரி முதல் வாரம் கடந்துதான் திறக்கின்றன. மசாலா அரைக்கும் சிறிய ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆலை மூன்று வாரம் மூடியிருக்கும், கிடங்கு மட்டும் நாலைந்து பேரோடு கடைகளுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வாரம் சராசரியாக 400 பெட்டி விற்கிறது. அதனால் 1,200 பெட்டி இருந்தால் போதும் என்பார்கள். முதல் தவறு இங்கேதான்.

கணக்கிட வேண்டியது மூடிய நாட்களை அல்ல. கடைசி உற்பத்தி முடிந்ததிலிருந்து புதிய பெட்டி கிடங்குக்கு வந்து சேரும்வரை உள்ள காலத்தை. பை அச்சிட்டுத் தருபவரும் அதே சமயம்தான் மூடுகிறார். இயந்திரத்தைச் சுத்தம் செய்து, முதல் அரைவையைச் சோதித்து, பொட்டலம் போட இன்னொரு வாரம் ஆகும். ஆக, நான்கு வாரம்.

சராசரியும் இங்கே உதவாது. சென்ற ஆண்டு இதே வாரங்களில் என்ன விற்றது என்று பாருங்கள். நம் ஆலையில் 430, 260, 280, 450 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 1,420. விடுமுறை முடிந்து கடைகள் அலமாரியை நிரப்பும் நான்காவது வாரத்தில்தான் 1,200 பெட்டி தீர்ந்துபோகும். ஒரு எச்சரிக்கை: சென்ற ஆண்டு சரக்கு தீர்ந்திருந்தால் அந்த எண் தேவையைக் காட்டாது, கொடுக்க முடிந்ததை மட்டுமே காட்டும். நிறைவேறாத ஆர்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாதுகாப்பு இருப்பு. வாரக் கணிப்பு வழக்கமாக 60 பெட்டி முன்னே பின்னே போகிறது என்றால், நான்கு வாரத்துக்கு 240 என்று பெருக்கக் கூடாது. ஒரு வாரம் கூடினால் இன்னொரு வாரம் குறையும், அதனால் நான்கின் வர்க்கமூலமான 2ஆல் பெருக்கினால் போதும்: 120. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை தட்டுப்பாடு வராமலிருக்க அதை 1.65ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 200. மூடும் நாளில் கையில் இருக்க வேண்டியது 1,620 பெட்டி. வழக்கமாகக் கிடங்கில் இருக்கும் 300ம் இதற்குள் அடக்கம். அதைக் கழிக்க மறந்து ஜனவரியில் சரக்கைக் குவித்து வைத்திருப்பவர்கள் நிறைய.

சரி, மீதி 1,320ஐ எப்போது செய்வது? ஆலையின் உச்சத் திறன் வாரத்துக்கு 520 என்றால், அன்றாட விற்பனை போக மிஞ்சுவது 120 மட்டுமே. பதினோரு வாரம் வேண்டும், அதாவது செப்டம்பர் கடைசியிலேயே தொடங்க வேண்டும். நவம்பர் நடுவில் விழித்துக்கொண்டால் சனிக்கிழமை ஓவர்டைம் போட்டாலும் எட்டாது.

ஆனால் எல்லாவற்றையும் செப்டம்பரில் அரைத்துவிடவும் கூடாது. டர்பன் கோடையின் ஈரப்பதத்தில் பொடி கட்டிதட்டும், மிளகாய்த்தூள் நிறம் மங்கும். முழு மல்லி, சோம்பு, கடுகுப் பொட்டலங்களை முதலில் போட்டு வையுங்கள். மிளகாய்த்தூளையும் கறிமசாலாவையும் கடைசி வாரங்களுக்கு விடுங்கள். மாதம் சில பெட்டியே போகும் ரகங்களுக்குக் கூடுதலாக எதுவும் சேர்க்க வேண்டாம், இருக்கிற இருப்பே தாங்கும்.